எழுதாமல் விட்ட பிறந்த தேதி

அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து பிறந்த தேதியை எடுத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் பாஸ் செய்துவிட்டு, ஹையருக்குப் பழகிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசி.

அப்பா ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தார். வாசலுக்குள் நுழைகிற ஒவ்வொருவரின் டோக்கனையும் வாங்கி, வருகைப் பதிவேட்டில் குறிப்பது அவர் வேலை. புதிதாகச் சேருகிறவர்களின் வயதையும் அவர்தான் எழுதிக்கொள்வார். பாதிப் பேருக்குத் தங்கள் பிறந்த நாள் தெரியாது. "எந்தப் பஞ்சத்துக்கு அப்புறம் பொறந்தீங்க? உங்கூட்டுல மூத்தவரு யாரு, அவருக்கு எத்தன?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு வருடத்தைக் கண்டுபிடித்து, ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார். அந்த மில்லில் நூற்றுக்கணக்கானவர்கள் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரிப்பார்.

இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பிறகு மில்லை மூடினார்கள். முதலில் ஒரு ஷிப்டு நின்றது, பிறகு இரண்டாவது, பிறகு கேட்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அந்தக் காகிதத்தையும் அப்பாவைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல கையெழுத்து அவருக்கு.

ஒரு மாதத்தில் வேலை கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஊரில் மாதத்துக்கு ஒரு பனியன் கம்பெனி புதிதாகத் திறந்துகொண்டிருந்தார்கள். ஆள் வேண்டாத கம்பெனி இல்லை. அப்பா கையாலேயே விண்ணப்பம் எழுதி அனுப்பினார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, படிப்பு, அனுபவம். மில் ஆபீஸில் பழகிய வரிசை. எதற்கும் பதில் வரவில்லை.

கோயம்புத்தூருக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்தார். அங்கிருந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "சர்க்கார் வேலைக்கு உங்க வயசு எப்பவோ தாண்டிருச்சுங்க. தனியார் கம்பெனிக்காரங்க ஆள் கேட்டு எழுதறப்ப, எத்தன வயசுக்குள்ள வேணும்னு அவங்களே போட்டுத்தான் அனுப்பறாங்க. அதுக்குள்ள இருக்கறவங்க பேரத்தான் நாங்க அனுப்ப முடியும்." அப்படி வயது கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அப்பா அதைக் குறையாகச் சொல்லவில்லை. விவரம் தெரிந்துகொண்டு வந்த மாதிரி சொன்னார்.

பிறகு நேரில் போக ஆரம்பித்தார். ஒரு கம்பெனியில் மேனேஜர் வெளியே வந்து, மரியாதையாக நிற்க வைத்துப் பேசியிருக்கிறார். "முப்பத்தஞ்சுக்கு மேல எடுக்கறதில்லீங்க. உங்கள ஒண்ணும் சொல்லலீங்க. பெரியவங்கன்னா சம்பளம் கூடக் கேப்பாங்க, ஓவர்டைம்னா யோசிப்பாங்க, இன்னும் கொஞ்ச வருசத்துல உடம்புக்கு முடியலைம்பாங்க. அப்புறம் நாங்க மறுபடியும் ஆள் தேடோணுமுங்க."

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்பா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். "ஏன் அம்மிணி, நான் என்னைக்காச்சும் உடம்புக்கு முடியலைன்னு லீவு போட்டிருக்கறனா?"

அம்மா யோசித்துப் பார்த்தாள். "இல்லீங்களே. எனக்கு இவ பொறந்தன்னைக்குக்கூட நீங்க ஷிப்டுக்குப் போயிட்டீங்களே."

அவருக்கு அப்போது நாற்பத்தாறு. அதுவும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின்படி. பள்ளியில் சேர்க்கும்போது என் தாத்தா, அண்ணனோடு சேர்த்து இவனையும் உட்கார வைத்தால் போதும் என்று ஒன்றரை வயதைக் கூட்டிச் சொல்லிவிட்டார். இத்தனை பேருக்கு வயது போட்ட அப்பாவால் தன்னுடைய அந்த ஒன்றரை வயதைத் திருத்திக்கொள்ள முடியவில்லை. அதைத் திருத்துவதற்கு எழுதிப் போடும் காலமெல்லாம் போய்விட்டது.

அப்போதுதான் நான் சொன்னேன். "அப்பா, நான் டைப் அடிச்சுத் தர்றனுங்க. பிறந்த தேதிய எழுத வேண்டாங்க."

"பொய் எழுதலாமா கண்ணு?"

"பொய் எழுதலீங்கப்பா. எழுதாம உடறோம். மொதல்ல அவங்க உங்க அனுபவத்தப் படிக்கட்டும். வயச அப்புறம் கேட்டா நேர்ல சொல்லுங்க."

அவர் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, என்னைவிடச் சரியாக யோசித்தார். "அப்ப பாஸ் பண்ணுன வருசத்தையும் எடுத்துரு. பதினாறு வயசுல பாஸ் பண்ணுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியுமல்ல. இருபத்திரண்டு வருசம் சர்வீஸ்ங்கறதையும் எடுத்துரு. பல வருசம்னு போடு."

நான் டைப் அடித்தேன். இருபத்திரண்டு வருடத்தை எடுத்துவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. தாள் சுத்தமாக வந்திருக்கிறதா, மார்ஜின் நேராக இருக்கிறதா என்பதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து அஞ்சலட்டை வந்தது. டைம் கீப்பர் வேலைக்கு நேரில் வரவும்.

அன்று காலையில் அப்பா முடிவெட்டும் கடைக்குப் போய்விட்டு வந்தார். மீசை இல்லை. மீசையில்தான் நரை அதிகம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். மீசையில்லாத மேலுதடு வெளுப்பாக, யாருடையதோ மாதிரி இருந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த முகம் அது இல்லை.

கம்பெனி, இன்ஸ்டிடியூட்டுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. கிளாஸ் முடிந்ததும் நான் அங்கே போனேன். ஆபீஸ் அறைக்கு அரைக்கதவு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது கேட்டது. பின்னால் தையல் மிஷின்களின் சத்தம் இருந்தாலும் நன்றாகவே கேட்டது.

முதலாளிக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். பல நாள் வருகைப் பதிவு ஒன்றைக் கொடுத்து, யார் யாருக்கு எத்தனை ஷிப்டு, எத்தனை மணி ஓவர்டைம் என்று கூட்டச் சொல்லியிருந்தார். அப்பா எங்கும் நிற்காமல் மனக்கணக்காகவே சொல்லிக்கொண்டு வந்தார்.

"சரியா இருக்குதுங்க," என்றார் முதலாளி. தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஏனுங்க, இதுல வயசு போடலீங்களே?"

"நாப்பத்தாறுங்க. புத்தகத்துப்படி. நெசத்துல நாப்பத்தஞ்சே இன்னும் முடியலீங்க."

அப்பா உடனே சொல்லிவிட்டார். கேட்டால் சொல்லிவிடுவது என்றுதானே பேசிவைத்திருந்தோம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க அப்பாவுக்கு நாலஞ்சு வயசுதான் கம்மி உங்களுக்கு. நான் எப்படிங்க உங்களுக்கு வேலை சொல்லறது? ஒரு நாள் லேட்டா வந்தீங்கன்னா உங்கள நான் கேக்க முடியுமுங்களா?"

"நான் லேட்டா வரமாட்டனுங்க."

"அதுக்குச் சொல்லலீங்க." முதலாளியின் குரலில் கடுமை இல்லை. இதை நான் பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன். அவர் ஒரு சொல்கூட மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. "சின்னப் பசங்கன்னா நம்ம பழக்கத்துக்கு வளைச்சுக்கலாமுங்க. உங்களுக்குன்னு ஒரு பழக்கம் ஊறிப் போயிருக்கும்."

நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. அப்பா எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்போது முதலாளி கேட்டார். "இத யாருங்க டைப் அடிச்சது? சுத்தமா இருக்குது."

நாற்காலி மறுபடியும் நகர்ந்தது.

"எம் பொண்ணுங்க."

"என்ன வயசுங்க?"

"பத்தொம்பதுங்க."

"வேலைக்கு வருமுங்களா? டைம் கீப்பர் வேலையும் பாத்துட்டு, லெட்டரும் அடிச்சுக் குடுத்தா எனக்கு ரெண்டு வேலை ஒண்ணா முடிஞ்சிரும்."

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். தெருவில் இறங்கிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா எட்டிப் பார்த்தார். என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது என்ன என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "வா கண்ணு, மொதலாளி கூப்பிடறாங்க," என்றார்.

எனக்கு ஒரு பரீட்சையும் வைக்கவில்லை. பெயர், வயது கேட்டார். எப்போது வருகிறாய் என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா முதலாளியிடம், "நாளைக்கே வருமுங்க," என்றார்.

வீடுவரை நடந்தோம். அப்பா வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். பாலம் தாண்டியதும் நின்று, "நல்லதாப் போச்சு கண்ணு. நம்மூட்டுல ஒருத்தருக்குக் கெடச்சுதல்ல," என்றார். பிறகு மேலுதட்டைத் தடவினார். மீசை இல்லாதது அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அப்பா விண்ணப்பித்த வேலைக்கு நான் போனேன்.

ஆபீஸில் பெண் என்று நான் ஒருத்திதான். டோக்கன் வாங்குவது, பதிவேடு எழுதுவது, கடிதம் டைப் அடிப்பது. ஆறேழு மாதத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்தது. கம்பெனி பெரிதாகிக்கொண்டிருந்தது. புதிய ஆபீஸ் ஆட்கள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தால் கட்டுக் கட்டாக விண்ணப்பம் வரும். அவற்றைப் பிரித்து அடுக்க வேண்டும். முதலாளி சொல்லித் தந்தார்: "முப்பத்தஞ்சு வரைக்கும் இந்தப் பக்கம். அதுக்கு மேல அந்தப் பக்கம். வயசு போடாததையும் அந்தப் பக்கமே போட்டுரு."

"வயசு போடாததுல சின்ன வயசுக்காரங்களும் இருக்கலாமுங்களே?"

"சின்ன வயசுன்னா ஏம்மா போடாம உடறான்? மறைக்கறதுக்கு இருக்கறவன்தான் மறைப்பான்."

தேதியை எழுதாமல் விடுவது நானே கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்து அடுக்கைப் பார்த்தபோதுதான், எத்தனை வீடுகளில் எத்தனை பேர் உட்கார்ந்து இதையே யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. சிலர் தேதியை விட்டுவிட்டுப் படித்த வருடத்தை விடாமல் இருந்தார்கள். சிலர் வருடத்தை விட்டுவிட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேஷன் ஆபீஸில் வேலை பார்த்ததை எழுதியிருந்தார்கள். சிலர் எல்லாவற்றையும் விட்டிருந்தார்கள். அந்த விண்ணப்பங்களில் ஆளே இல்லாத மாதிரி இருக்கும். எடுக்காத விண்ணப்பங்களுக்குப் பதில் போடுவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் கணக்குப் போட வைத்துக்கொள்வோம். மற்றது பேக்கிங் பகுதிக்குப் போய்விடும்.

இரண்டாவது வருடம், ஊருக்கு வெளியே போட்ட புது யூனிட்டுக்கு ஸ்டோர் கீப்பர் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தோம். பெயர் போட்டால் ஆட்கள் நேரில் வந்து வாசலில் நிற்கிறார்கள் என்று, கம்பெனிப் பெயர் போடாமல் தபால் பெட்டி எண்ணை மட்டும் போடச் சொன்னார் முதலாளி. விளம்பரத்தை டைப் அடித்தவள் நான்.

நாலாம் நாள் வந்த விண்ணப்பக் கட்டுக்குள் அப்பாவின் கையெழுத்து இருந்தது.

உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் என்னிடம் டைப் அடிக்கக் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் எழுதிப் போட்டிருக்கிறார். அந்தப் பெட்டி எண் எங்கள் கம்பெனியுடையது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே எழுதியிருந்தார். பிறந்த தேதி இல்லை. பாஸ் செய்த வருடம் இல்லை. நூல் மில்லில் பல வருட அனுபவம். தற்போது தகுந்த வேலையை எதிர்நோக்கியிருக்கிறேன்.

நான் அதை இரண்டு பக்கத்தில் எதிலும் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளியிடம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். இவரைத்தான் நீங்கள் பரீட்சை வைத்துப் பார்த்தீர்களே, ஒரு தப்பும் இல்லையே என்று சொல்லியிருக்கலாம். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒருவேளை சரி என்றிருக்கலாம். அன்று எனக்குத் தோன்றியதெல்லாம் வேறு. அப்பாவை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறாள் என்று நினைப்பாரோ, எனக்கே வேலை இல்லாமல் போனால் வீட்டில் என்ன செய்வது, வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவர் மறுபடியும் சொன்னால் அப்பாவுக்கு எவ்வளவு அவமானம். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் அதை அந்தப் பக்கத்து அடுக்கில் வைத்தேன். அடியில் வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மேலேயே வைத்தேன். அடுத்த உறையைப் பிரித்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா கொஞ்சம் கலகலப்பாக இருந்தார். அம்மா எனக்குத் தனியாகச் சொன்னாள். "உங்கப்பா எதுக்கோ எழுதிப் போட்டிருக்கறாரு. உங்கிட்டச் சொல்ல வேண்டான்னாரு. கெடச்சப்புறம் சொல்லிக்கலாம்னு."

அதற்குப் பிறகு தினமும் பதினோரு மணிக்குத் தபால்காரர் வரும் நேரத்தில் அப்பா வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டிருந்தாராம். செருப்புத் தைத்தார். கொடிக்கம்பி கட்டினார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடுமுறை நாள் ஒன்றில் நானே பார்த்தேன். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். அப்பா அவரைப் பார்த்துச் சிரித்து, "ஒண்ணுமில்லீங்களா?" என்றார். "இல்லீங்க," என்று சொல்லிக்கொண்டே அவர் சைக்கிளை மிதித்தார்.

நான் உள்ளே நின்றுகொண்டிருந்தேன். நாலு அடி எடுத்து வைத்தால் வாசல். அப்பா, அது வராதுங்க, அது எங்கிட்டத்தான் வந்துச்சு என்று சொல்ல நாலு அடி. நான் எடுத்து வைக்கவில்லை. ஒரு மாதத்துக்குமேல் அவர் காத்திருந்தார். பிறகு ஒருநாள் காத்திருப்பதை நிறுத்திவிட்டார். அந்த ஸ்டோர் கீப்பர் வேலைக்கு இருபத்தாறு வயதுக்காரர் ஒருவரை எடுத்தார்கள். நூலின் பருமனைச் சொல்லும் கவுண்ட்கூடத் தெரியாமல், எட்டு மாதத்தில் வேலையிலிருந்து நின்றுவிட்டார். அந்த இடத்துக்கு மறுபடியும் விளம்பரம் கொடுத்தோம்.

அப்பா அதற்குப் பிறகு எங்கேயும் எழுதிப் போடவில்லை. நொய்யல் கரையில் ஒரு சாயப்பட்டறையில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். அங்கே வயதைக் கேட்கவில்லை. பெரியவராக இருந்தால் நல்லது என்றார்களாம். காக்கிச் சட்டை கொடுத்தார்கள். அந்தச் சட்டையில் பாக்கெட்டில் பேனா வைத்துக்கொண்டு போவார். எழுத அங்கே ஒன்றும் இல்லை. மீசையை மறுபடி வளர்த்துக்கொண்டார். அது முழுக்க வெள்ளையாக வந்தது.

நாலு வருடம் அந்த வேலையில் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்து, அது நெஞ்சுக்கு இறங்கி, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்து போய்விட்டார். அந்த ஒன்பது நாளும் நான் பக்கத்தில் இருந்தேன். சொல்ல எத்தனையோ நேரம் இருந்தது. அவர் தூங்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் வயது எழுதும்போது நர்ஸ் என்னைக் கேட்டார். நான் புத்தகத்து வயதைச் சொன்னேன். அப்பா கண்ணைத் திறந்து, "ஒண்ணரை கம்மி பண்ணிக்குங்க," என்றார். நர்ஸுக்குப் புரியவில்லை.

அவர் போன மறுவருடம் கம்பெனியில் என்னை ஆபீஸ் இன்சார்ஜ் ஆக்கினார்கள். விண்ணப்பங்கள் ஆளுக்கொரு மாதிரி வருகின்றன, நாமே ஒரு படிவம் அச்சடித்து வைத்துவிடலாம் என்றார் முதலாளி. நான் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "பொறந்த தேதி உட்டுப் போச்சே," என்றார்.

"உடலீங்க. வேண்டாம்னுதான் போடலீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பதினெட்டு ஆச்சான்னு ஒரு வரி போட்டிருக்கறனுங்க, அது நமக்குத் தெரியோணும். மத்தபடி தேதி பி.எப். பாரத்துக்குத்தான வேணும்? அத ஆள் எடுத்தப்புறம்தான நெரப்பறோம். எடுக்கறதுக்கு முன்னாடி எதுக்குங்க?"

"நேர்ல வந்தா தெரிஞ்சிருமேம்மா."

"தெரியுமுங்க. ஆனா அதுக்குள்ள அவங்க செஞ்ச வேலையப் படிச்சிருப்பீங்க."

அவர் அந்தத் தாளை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். என் அப்பாவை நினைத்தாரா என்று தெரியாது. அவருக்கும் அப்போது நாற்பது ஆகியிருந்தது, காதோரம் நரைத்திருந்தது. "சரி, அடிச்சுப் பாக்கலாம்," என்றார்.

அந்தப் படிவம் இரண்டு வருடம் இருந்தது. அதில் மூன்று பேர் உள்ளே வந்தார்கள், முன்பாயிருந்தால் அந்தப் பக்கத்து அடுக்கில் போயிருக்கக்கூடியவர்கள். பிறகு முதலாளியின் தம்பி நிர்வாகத்துக்கு வந்து, புதுப் படிவம் அச்சடித்தார். இரண்டாவது வரியே பிறந்த தேதி. நான் கேட்டேன். எல்லாக் கம்பெனியிலும் இருக்குதுங்களே என்றார். நான் புதுப் படிவக் கட்டைப் பிரித்து மேஜைமேல் அடுக்கினேன்.

அந்த மூன்று பேரில் முதலில் வந்தவருக்கு நாற்பத்தெட்டு வயது. மூடிப்போன ஒரு ஜின்னிங் பேக்டரியில் எடை எழுதியவர். சேர்ந்த அன்று பி.எப். பாரத்தை என் மேஜைமேல் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு, பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதுல பொறந்த தேதி கேக்கறாங்க. எழுதிறலாமுங்களா?"

"எழுதுங்க," என்றேன். "இனி ஒண்ணும் ஆகாதுங்க."

அவர் குனிந்து எழுதினார். நான் எழுந்து, மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த பக்கம் போய், வேலை எதுவும் இல்லாமல் கொஞ்ச நேரம் அங்கே நின்றேன்.